லக்ஸ், ஃபுட் கேண்டில்: வகுப்பறை வெளிச்சத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பறை வெளிச்சத்துக்கான வழிகாட்டியில் 300 லக்ஸ் என்று இருக்கிறது. கையில் இருக்கும் ஒளி மீட்டரோ ஃபுட் கேண்டிலில் காட்டுகிறது. பத்தால் பெருக்கிவிட்டால் போதும் என்று பலரும் நினைப்பார்கள். தோராயமாகப் பார்க்க அது சரி. வெளிச்சம் போதுமா, போதாதா என்று முடிவு சொல்வதற்குப் போதாது.

விளக்கு தரும் ஒளியின் அளவைச் சொல்லும் அலகு லூமன். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ், ஒரு சதுர அடியில் விழுந்தால் ஒரு ஃபுட் கேண்டில். சதுர மீட்டர் ஒன்றில் 10.764 சதுர அடி இருப்பதால், 1 ஃபுட் கேண்டில் என்பது 10.764 லக்ஸ். பத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 7 சதவீதம் குறைந்துவிடும்.

ஓர் அறையில் நான்கு மேசைகளின் மேல் அளந்தது 31, 29, 27, 26 ஃபுட் கேண்டில் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 28.25. பத்தால் பெருக்கினால் 282.5 லக்ஸ், வெளிச்சம் போதாது என்று எழுதிவிடுவோம். 10.764 ஆல் பெருக்கினால் 304 லக்ஸ், போதும். விளக்கு அதேதான், தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது. ஆனால் 304 என்பதையும் ரொம்ப நம்ப வேண்டாம். சாதாரண மீட்டரின் பிழையே சில சதவீதம் இருக்கும் என்பதால், இதை 'எல்லையில் இருக்கிறது' என்று எழுதுவதே நியாயம்.

வழிகாட்டியே தோராயமாக்கிய எண்ணைத் தரும்போது குழப்பம் கூடும். அமெரிக்க ஆவணங்களில் 30 ஃபுட் கேண்டிலும் 300 லக்ஸும் ஒன்றுபோல அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். உண்மையில் 300 லக்ஸ் என்பது 27.9 ஃபுட் கேண்டில்தான். அந்த 30-ஐ எடுத்து மறுபடி துல்லியமாக லக்ஸாக மாற்றினால் 323 வரும், இலக்கே 23 லக்ஸ் ஏறிவிடும். அதனால் வழிகாட்டியின் மூல அலகு எது என்று பார்த்து, அந்த எண்ணைத் தொடாமல், மீட்டர் அளவை மட்டும் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். தசமத்தைச் சுருக்குவது கடைசியில்தான்.

எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 12464-1 இல், 2011 பதிப்பு வகுப்பறைக்கு 300 லக்ஸ் கேட்டது. 2021 பதிப்பு 500 கேட்கிறது.

இன்னொரு பொறி மீட்டரிலேயே இருக்கிறது. சில மலிவான மீட்டர்களில் உயர் வரம்பைத் தேர்ந்தெடுத்தால் திரையில் வரும் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். அப்போது 300 லக்ஸ் இருக்கும் இடத்தில் திரை 30 என்று காட்டும். பார்ப்பவர் அதை ஃபுட் கேண்டில் என்று எடுத்துக்கொண்டு மறுபடி மாற்றுவார். இந்தத் தவறு கண்ணில் படாததற்குக் காரணம், 323 என்ற விடையும் நம்பும்படி இருப்பதுதான். மீட்டரை அசைக்காமல் அலகுப் பொத்தானை மட்டும் அழுத்திப் பாருங்கள். இரண்டு எண்களின் விகிதம் 10.76-ஐ ஒட்டி இருந்தால் அலகு மாறியிருக்கிறது. சரியாகப் பத்து என்றால், மாறியது வரம்பு.

அப்புறம், வழிகாட்டி சொல்வது மேசை மட்டத்தில், நாளடைவில் விளக்கு மங்கிய பிறகும் நிற்க வேண்டிய சராசரி. புது விளக்கின் கீழ் ஒரே ஒரு மேசையில், ஜன்னல் வெயிலோடு எடுத்த அளவை எவ்வளவு துல்லியமாக மாற்றினாலும் அதோடு ஒப்பிட முடியாது. விளக்கை மட்டும் அளக்க வேண்டுமென்றால் இருட்டிய பிறகு, சென்சாரை மேசையில் மட்டமாக வைத்து, உங்கள் நிழல் படாமல் தள்ளி நின்று அளந்து பாருங்கள்.