கொட்டேஷன் போன பிறகு ஆர்டர் எங்கே நழுவுகிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எலக்ட்ரிக்கல் பேனல் செய்யும் ஒரு பட்டறை, ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலைக்குக் கொட்டேஷன் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை 4,20,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 75,600, ஆக மொத்தம் 4,95,600. 15 நாள் வேலிடிட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மெயில் போகிறது. பத்து நாள் கழித்து ஒரு போன்: "சார், கொட்டேஷன் பாத்தீங்களா?" "பாத்துட்டு சொல்றேன்." அவ்வளவுதான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆர்டரும் வரவில்லை.

முதல் தவறு, அனுப்பிய நேரம். வெள்ளி மாலை போன மெயில் திங்கட்கிழமைக் குவியலுக்கு அடியில் போய்விடும். செவ்வாய் காலையில் அனுப்பிவிட்டு, அன்றே பர்ச்சேஸ் ஆபீசரைக் கூப்பிட்டு, ஃபைல் வந்ததா, திறக்கிறதா என்று கேளுங்கள். வந்த கொட்டேஷன்களை ஒப்பிடும் தாளைப் பற்றி அதே போனில் இன்னொரு கேள்வி: "கம்பேரிட்டிவ் எப்போ சார் போடுவீங்க?" இது அவருடைய வேலையைப் பற்றிய கேள்வி என்பதால் பெரும்பாலும் நேரடியாகப் பதில் வரும். "அடுத்த திங்கட்கிழமை" என்றால், இனி உங்கள் போன்கள் எல்லாம் அந்தத் திங்களைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

அந்தத் திங்களுக்கு முன்னால் சும்மா இருப்பதுதான் பெரிய தவறு. கம்பேரிட்டிவ் என்பது மூன்று கொட்டேஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒரு தாள். அதில் முதலில் கண்ணில் படுவது கடைசி வரியில் இருக்கும் தொகை. போட்டிக்காரர் 3,65,000 போட்டிருக்கிறார். பேனலுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பட்டையான பஸ்பாரை நீங்கள் காப்பரில் போட்ட இடத்தில் அவர் அலுமினியம். மின்சாரம் பேனலுக்குள் நுழையும் இன்கமரில் நீங்கள் 630 ஆம்ப்ஸ் ஏசிபி பிரேக்கர் வைத்த இடத்தில் அவர் அதைவிட மலிவான எம்சிசிபி பிரேக்கர். தாளில் இது எதுவும் தெரியாது. நீங்கள் 55,000 அதிகம் என்பது மட்டும் தெரியும்.

இந்த வித்தியாசம் புரிந்தவர் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். வெள்ளிக்கிழமை, அதாவது மெயில் போன செவ்வாயிலிருந்து மூன்றாம் நாள், அவரைக் கூப்பிடுங்கள். "முடிவு என்னாச்சு" என்று கேட்க வேண்டாம். "சார், இன்கமர் கேபிள் மேலேர்ந்து வருதா, கீழேர்ந்து வருதா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் டிராயிங்கைத் திறந்தாக வேண்டும். அப்போது உங்கள் பேனலும் அவர் முன்னால் இருக்கும். பேசி முடித்ததும் சனிக்கிழமைக்குள் அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள்: பஸ்பார் உலோகம், இன்கமர் வகை, வாரண்டி, எத்தனை வாரத்தில் டெலிவரி. பர்ச்சேஸ் ஆபீசருக்கும் அதே மெயிலில் சிசி வையுங்கள். அவருக்குத் தெரியாமல் உள்ளே பேசினால் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானது. அந்த அரைப் பக்கம் கம்பேரிட்டிவோடு சேர்ந்து போனால் 55,000க்குக் காரணம் தாளிலேயே இருக்கும்.

பதில் வரவில்லை என்று பதறி, கேட்காமலே விலையைக் குறைப்பவர்கள் நிறைய. ஐந்தாம் நாளில் 4,20,000 தானாக 4,00,000 ஆனால், முதல் விலையில் காற்று இருந்தது என்றுதான் எதிராளி நினைப்பார். கடைசியில் எம்டி முன்னால் உட்காரும்போது இன்னொரு குறைப்பும் கேட்பார்கள். பட்ஜெட் நிஜமாகவே இடிக்கிறது என்றால், அலுமினிய பஸ்பாருக்குத் தனி விலையாக இரண்டாவது ஆப்ஷன் கொடுங்கள். பொருள் மாறினால் விலை மாறுவது எல்லோருக்கும் புரியும்.

வேலிடிட்டி முடிந்த பிறகு கூப்பிடுவதும் வீண். நம் கணக்கில் 13ஆம் நாள் திங்கட்கிழமை. காலை பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் இரண்டு வரி போதும்: "சார், இந்த விலை புதன்கிழமை வரைக்கும். அதுக்கப்புறம் அன்னைக்கு காப்பர் ரேட் பாத்துத்தான் போட முடியும்." சொன்னால் அப்படியே நடந்துகொள்ளுங்கள். புதனுக்குப் பிறகும் பழைய விலைக்கே ஆர்டர் எடுத்தால், அடுத்த கொட்டேஷனில் நீங்கள் போடும் தேதியை அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

நாளும் பார்க்க வேண்டும். மாதக் கடைசி இரண்டு நாள் டிஸ்பேட்ச் நெருக்கடி. 11, 20 தேதிகளை ஒட்டி அக்கவுண்ட்ஸில் ஜிஎஸ்டி தாக்கல். அட்வான்ஸ் பற்றிப் பேச இவை நல்ல நாட்கள் அல்ல.

முதலாளியே முடிவெடுக்கும் சிறிய கம்பெனிகளில் "ஆடி போகட்டும்" என்று ஒரு பதில் வரும். இதை மறுப்பு என்று எண்ணி ஃபைலை மூடிவிடுகிறார்கள். "அப்போ ஆவணி முதல் வாரம் வரட்டுமா சார்?" என்று அங்கேயே நாள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆடி கடைசி வாரத்தில், அதாவது ஆகஸ்ட் 10ஐ ஒட்டி, புது தேதியும் அன்றைய காப்பர் விலையும் போட்ட கொட்டேஷன் அவர் மேஜைக்குப் போய்விட வேண்டும். நல்ல நாள் பார்த்து அவர் கையெழுத்துப் போட உட்காரும்போது, ஜூலையில் காலாவதியான தாள் அங்கே இருக்கக் கூடாது.