பள்ளி முடியுமுன் பிள்ளையை அழைத்துவர கடிதம் எழுதுவது எப்படி?

எங்கள் தோட்டப்புறத்துச் சிறு பட்டணத்தில் குடும்ப விசேஷம் பெரும்பாலும் வெளியூரில்தான். பள்ளி முடியக் காத்திருந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பெற்றோர் நேரில் போனால் வாய்ப்பேச்சே போதும் என்கிறார்கள். வேறொருவரை அனுப்பும்போதுதான் கடிதத்தில் கவனம் வேண்டும்.

கடிதத்தை வகுப்பாசிரியர் வழியாகத் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள், இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். பாடம் நடத்தும் ஆசிரியர் அதை மதியம்தான் பார்ப்பார். கையெழுத்திட்ட தாள்தான் என் பரிந்துரை.

இப்படி எழுதலாம் (பெயர்கள் மாதிரிக்கு):

"மதிப்பிற்குரிய ஐயா, 3 மல்லிகை வகுப்பில் பயிலும் என் மகள் யாழினி த/பெ குமரனை 10.7.2026 வெள்ளிக்கிழமை காலை மணி 11.00க்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலை கிள்ளானில் என் தங்கையின் நிச்சயதார்த்தம். யாழினியை என் தம்பி செல்வராஜூ த/பெ முனியாண்டி அழைத்துச் செல்வார். அவர் வர இயலாவிட்டால் நானே வருவேன். நன்றி."

கீழே உங்கள் கையெழுத்து, முழுப்பெயர், கைப்பேசி எண். அழைத்துச் செல்பவரின் கைப்பேசி எண்ணும் வாகன எண்ணும் அதற்கடுத்த வரியில்.

சிக்கல் வருவது அந்தப் பெயரில்தான். வீட்டில் அவர் 'பாபு மாமா'. பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். கடிதத்திலும் 'பாபு' என்றே இருந்தால், வாசலில் அவர் நீட்டும் அடையாள அட்டையில் 'செல்வராஜூ' என்று இருக்கும். காவலர் உள்ளே விடமாட்டார், விடவும் கூடாது. ஆகவே அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அதில் உள்ளபடியே முழுப்பெயரை எழுதுங்கள். தமிழில் எழுதிய பெயருக்குப் பக்கத்திலேயே அட்டையில் உள்ள ரூமி எழுத்திலும் எழுதிவிடுங்கள். காவலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போகலாம். அட்டை எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண்ணையும் பிள்ளையின் புத்தகப்பையில் கொடுத்தனுப்புவது எனக்குப் பிடிக்காது.

நேரத்தை 'மதியத்துக்கு முன்' என்று எழுதாதீர்கள். மணி குறிப்பிட்டால்தான் ஆசிரியர் பையை எடுத்துவைக்கச் சொல்வார். ஓய்வு நேரத்துக்குப் பிறகு வைப்பது நல்லது, பிள்ளை சாப்பிட்டிருக்கும்.

கடிதத்தைப் படமெடுத்து மாமாவின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள். அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். அப்புறம், பள்ளி வேன் ஓட்டுநருக்கும் ஒரு வார்த்தை. இல்லையென்றால் பள்ளி விட்டதும் அவர் பிள்ளையைத் தேடிக்கொண்டு நிற்பார்.

பின்சேர்க்கை: ஒரே பள்ளியில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரே கடிதம் போதுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வகுப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே எழுதுங்கள். ஒரே கடிதம் அக்காவின் ஆசிரியரிடம் தங்கிவிட்டால், தம்பியின் வகுப்பில் யாருக்கும் விஷயம் தெரியாது.