மூன்று அறைகள், ஒரு அட்டவணை: எங்கே தவறு நடக்கிறது?

போளூர் அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மாமாவோடு வேலூரில் 18 நாள் தங்க வேண்டும். அறை பார்த்துவிட்டு வந்த தம்பி வாட்ஸாப்பில் இப்படி அனுப்பியிருந்தான்:

"காந்தி ரோட்டுல ஒரு லாட்ஜ், நாளுக்கு 450, மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, சமைக்கக் கூடாது. சைதாப்பேட்டைல ஒரு ரூம், வாரத்துக்கு 2,800, கீழயே இருக்கு, சமைக்கலாம், கேஸும் பாத்திரமும் நாளுக்கு 80 தனி. தோட்டப்பாளையத்துல ஒரு வீடு, மாசம் 9,000, அட்வான்ஸ் 5,000 திரும்பக் கிடைக்கும், கரண்ட் யூனிட்டுக்கு 8 ரூபா. மூணுலயும் பாத்ரூம் உள்ளயே இருக்கு."

இதை அட்டவணையாக்கச் சொன்னால் பெரும்பாலும் மூன்று கட்டங்கள்தான் போடுவோம்: இடம், விலை, வசதிகள். விலைக் கட்டத்தில் 450, 2,800, 9,000 என்று வரும். நாள், வாரம், மாதம் என்று அளவே வேறு வேறு. மேலிருந்து கீழே பார்க்கிற கண்ணுக்கு அந்த எண்கள் ஒன்றும் சொல்லாது.

சரி, எல்லாவற்றையும் நாள் வாடகையாக மாற்றலாம் என்று தோன்றும். 450, 400, 300. தோட்டப்பாளையம்தான் மலிவு என்று முடிவுக்கு வந்துவிடுவோம். என் பார்வையில் இதுதான் பெரிய தவறு, ஏனென்றால் கணக்கு சரியாக இருந்தும் பதில் தப்பாக வருகிறது. மாத வாடகை என்றால் 18 நாளில் காலி செய்தாலும் 9,000 கொடுத்தாக வேண்டும். அப்போது நாளுக்கு 500 ஆகிறது. சைதாப்பேட்டையிலும் இதே கேள்விதான்: 18 நாள் என்பது இரண்டு வாரமும் நான்கு நாளும். அந்த நான்கு நாளுக்கு முழு வாரக் காசு வாங்கினால் 8,400, நாள் கணக்கில் வாங்கினால் 7,200. அதனால் விலைக் கட்டத்தின் தலைப்பு 'நாள் வாடகை' அல்ல, '18 நாள் வாடகை'. விவரம் தெரியும்வரை அதிகமான தொகையையே எழுதுங்கள்.

அட்வான்ஸை அதோடு கூட்டிவிடக் கூடாது. அது செலவு இல்லை, திரும்பி வருகிற பணம். ஆனாலும் முதல் நாளே மாமா கையில் 14,000 இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியணும். அதனால் அதற்குத் தனிக் கட்டம். கேஸ், கரண்டும் அப்படித்தான். '8,400 + கேஸ் தனி' என்று ஒரே கட்டத்தில் எழுதினால் கூகுள் ஷீட்ஸ் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது, கூட்டல் வராது.

'வசதிகள்' என்ற கட்டத்தையும் உடைக்க வேண்டும். எதெதற்குக் கட்டம் போடுவது என்பதை அத்தையின் நிலைமையிலிருந்து எடுத்தேன். முழங்காலில் தையலோடு வருகிறவர், அதனால் மாடி. பத்தியச் சாப்பாடு, அதனால் சமையல். பாத்ரூம் மூன்றிலும் உள்ளேயே இருக்கிறது, அதில் வித்தியாசமில்லை. அதை அட்டவணைக்கு மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

| இடம் | 18 நாள் வாடகை | கேஸ், கரண்ட் | முதல் நாள் கையில் | மாடி | சமையல் |
|---|---|---|---|---|---|
| காந்தி ரோடு | 8,100 | 0 | கேட்கணும் | 3, லிஃப்ட் இல்லை | கூடாது |
| சைதாப்பேட்டை | 8,400 | 1,440 | கேட்கணும் | தரைத்தளம் | உண்டு |
| தோட்டப்பாளையம் | 9,000 | சுமார் 400 | 14,000 | கேட்கணும் | கேட்கணும் |

கரண்ட் 400 என்பது 50 யூனிட் ஆகும் என்ற என் கணிப்பு. அதனால்தான் 'சுமார்'. கூட்டும்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கணிப்பு என்பதைக் கீழே குறிப்பாகப் போட்டேன்.

'கேட்கணும்' என்று எழுதிய இடங்களில் 'இல்லை' என்று போட்டுவிடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. தோட்டப்பாளையம் வீடு எந்த மாடி, அங்கே அடுப்பு உண்டா என்று தம்பி சொல்லவே இல்லை. சொல்லாததை 'இல்லை' என்று எழுதினால் ஒரு நல்ல வீட்டைக் காரணமில்லாமல் தள்ளிவிடுவோம். வெறுமனே விட்டாலும் படிக்கிறவர் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்வார்.

அப்புறம் அந்தக் கட்டங்களைப் பார்த்தே தம்பி மூன்று இடத்துக்கும் போன் போட்டான். தோட்டப்பாளையம் வீடு முதல் மாடி, அடுப்பு நாமே கொண்டுபோக வேண்டும். அட்வான்ஸ் மற்ற இரண்டிலும் கிடையாது. சைதாப்பேட்டைக்காரர் மிச்ச நான்கு நாளுக்கு நாள் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். 8,400 இருந்த இடத்தில் 7,200 எழுதினேன், கேஸோடு 8,640. காந்தி ரோட்டைவிட 540 ரூபாய் அதிகம். மாமா அட்டவணையில் மாடிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, சைதாப்பேட்டைக்கே சொல்லிவிடச் சொன்னார்.