மாடிப்படியைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்: எழுதுவது முதல் தீ ஒத்திகை வரை

"மாடிப்படியில் பொருட்கள் வைக்காதீர்கள்" என்று ஒரு வரி எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினால் யாரும் எதையும் நகர்த்த மாட்டார்கள். எந்தப் பொருள், எந்தத் தேதிக்குள், எடுத்து எங்கே வைப்பது என்று எதுவும் அதில் இல்லையே. இந்த மூன்றையும் சொல்கிற நோட்டீஸை எப்படித் தயாரிப்பது, அதே நோட்டீஸில் தீ ஒத்திகையை எப்படிச் சேர்ப்பது என்று பார்ப்போம். உதாரணத்துக்குச் சென்னையில் பரவலாக இருக்கும் வகையில் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம்: கீழே கார் நிறுத்துமிடம், மேலே நான்கு தளங்கள், 16 வீடுகள், ஒரே ஒரு படிக்கட்டு.

முதலில் நடந்து பாருங்கள்

கையில் ஒரு அளவு டேப்போடு மொட்டை மாடியில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். படியின் அகலம் 100 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டு வாசலில் 30 செ.மீ. ஆழமுள்ள செருப்பு ஸ்டாண்ட் இருந்தால் மிச்சம் 70. ஒருவர் தாராளமாகப் போகலாம். ஆனால் முட்டி வலியுள்ள பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்தத் திருப்பத்தில் திரும்ப முடியாது. அந்தக் கண்ணோடு ஒவ்வொரு திருப்பத்தையும் பாருங்கள். இரவில் படி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு இன்னொரு முறை இறங்கினால், காலில் இடறுவது எது என்று தானே தெரியும்.

இடத்தை அடைப்பது பாதிப் பிரச்சினைதான். பொருள் எரிந்தால் என்ன ஆகும் என்பது மீதி. படிக்கட்டு கீழிருந்து மேல்வரை திறந்த ஒரே கூடு. கீழே எரியும் ரப்பர் செருப்பு, பஞ்சு மெத்தை, பேப்பர் கட்டு ஆகியவற்றின் புகை புகைபோக்கியில் ஏறுவது போல நேராக ஏறி, மேல் தளத்தில் முதலில் தேங்கும். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் கடையில் பிடித்த தீயின் புகை மேலிருந்த விடுதிக்கு ஏறி 8 பேர் இறந்தார்கள். அதனால் படிக்கு அடியில் ஸ்கூட்டர் பேட்டரியைச் சார்ஜ் போடும் பழக்கம் உங்கள் கட்டடத்தில் இருந்தால், பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

அடுத்தது ஈபி மீட்டர் பெட்டி. பல கட்டடங்களில் அது படிக்கு அடியில்தான் இருக்கும், அதன் மேலேயே அட்டைப் பெட்டிகளும் மிச்சமான பெயிண்ட் டப்பாக்களும் சாய்ந்திருக்கும். லூஸ் கனெக்‌ஷனில் ஒரு பொறி வந்தால் பற்றுவதற்குத் தின்னர் பக்கத்திலேயே காத்திருக்கிறது. சிலிண்டர் காலி என்றாலும் படியடியில் வைக்கக்கூடாது. அதில் கொஞ்சம் வாயு மிச்சமிருக்கும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தாழ்வான மூலையில் தங்கும்.

மொட்டை மாடிக் கதவையும் பாருங்கள். 2010 மார்ச்சில் கொல்கத்தா பார்க் தெருவில் ஸ்டீஃபன் கோர்ட் கட்டடம் எரிந்தபோது மேலே ஓடியவர்கள் மாடிக்குப் போகும் வழி பூட்டியிருந்ததால் சிக்கிக்கொண்டார்கள். 40க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்து அது. திருட்டுப் பயத்துக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போதும், பூட்டு வேண்டாம்.

எங்கே போகும் என்று முடிவு செய்யுங்கள்

பலர் இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள், நோட்டீஸ் தோற்பதும் இங்கேதான். சைக்கிளுக்குக் கார் நிறுத்துமிடத்தின் பின்சுவரை ஒதுக்குங்கள். பழைய பேப்பர்காரரை ஒரு நாள் காலையில் வரச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தை நோட்டீஸில் போடுங்கள். யாருடையது என்று தெரியாத பொருளைத் தூக்கிப் போட வேண்டாம், சண்டைதான் வரும். வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் 7 நாள் வைத்திருங்கள்.

இனி நோட்டீஸ்

காலி செய்யும் நாள் சனி, ஒத்திகை மறுநாள் ஞாயிறு காலை. பத்து நாள் முன்பே ஒட்டுங்கள். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் அதே சமயம் ஒரு கடிதம் கொடுத்து, வந்து செய்து காட்ட முடியுமா என்று கேளுங்கள்.

> அறிவிப்பு
>
> அனைத்து வீட்டு உரிமையாளர்களுக்கும் வாடகைதாரர்களுக்கும்,
>
> ஜூன் 14, ஞாயிறு காலை 10.30 மணிக்கு நம் கட்டடத்தில் தீ ஒத்திகை நடைபெறும். அதற்கு முன், ஜூன் 13, சனி மாலை 6 மணிக்குள் படிக்கட்டு, படித் திருப்பங்கள், மீட்டர் பெட்டி சுற்றிலும் உள்ள பொருட்களை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.
>
> இப்போது அங்கே இருப்பவை: 4ஆம் தளம் – மெத்தை, பூந்தொட்டிகள். 3ஆம் தளம் – செருப்பு ஸ்டாண்ட் 2. 2ஆம் தளம் – சைக்கிள், பேப்பர் கட்டு. படிக்கு அடியில் – காலி சிலிண்டர், பெயிண்ட் டப்பாக்கள், அட்டைப் பெட்டிகள்.
>
> சைக்கிள்களைப் பின்சுவர் ஓரம் நிறுத்தலாம். பழைய பொருள் வாங்குபவர் சனி காலை 9 மணிக்கு வருவார். எடுக்காத பொருட்கள் வாட்ச்மேன் அறை அருகே 7 நாள் வைக்கப்படும்.
>
> ஒத்திகையில் விசில் கேட்டதும் அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, படி வழியாக இறங்கி எதிர்த் தெரு முனைக்கு வாருங்கள். லிஃப்ட் வேண்டாம். இறங்க உதவி தேவைப்படும் பெரியவர்கள் இருந்தால் முன்கூட்டியே செயலாளரிடம் சொல்லுங்கள்.
>
> – செயலாளர், குடியிருப்போர் சங்கம்

பொருட்களைத் தளவாரியாக எழுதுங்கள், வீட்டு எண்ணைப் போடாதீர்கள். யாரையும் குத்திக்காட்டாமலே தன் பொருள் எது என்று அவரவருக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு தளத்திலும் ஒன்று, லிஃப்ட்டுக்குள் ஒன்று ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களும் விட்டுப்போவார்கள். வியாழக்கிழமையும் நகராத பொருள் இருந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்டி நேரில் பேசுங்கள். "நீங்களே எடுக்கிறீங்களா, நாங்க ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேட்டாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஒத்திகை நாள்

வாட்ச்மேன் விசில் ஊதும்போது ஒருவர் நேரத்தைக் குறிக்கட்டும். தளத்துக்கு ஒருவர் கதவுகளைத் தட்டிவிட்டு இறங்க வேண்டும். கூடும் இடம் கேட் வாசலாக இருக்கக்கூடாது. தீயணைப்பு வண்டி நுழையும் வழி அது. தெரு முனையில் வீட்டு எண் வாரியாகத் தலை எண்ணுங்கள். மெயின் ஸ்விட்ச்சை யார் அணைப்பது, 101 அல்லது 112க்கு யார் அழைப்பது என்று முன்பே பெயர் சொல்லி வையுங்கள்.

எல்லோரும் இறங்கிப் பழகினால் மட்டும் போதாது. 3ஆம் தளத்தில் ஒரு வீட்டாரிடம், "படி முழுக்கப் புகை, இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் கதவைத் திறந்து புகைக்குள் இறங்கக்கூடாது. உள்ளேயே இருந்து, கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத் துணியைத் திணித்து, பால்கனிக்குப் போய், போனில் தளத்தையும் வீட்டு எண்ணையும் சொல்ல வேண்டும். இதையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பாட்டிக்குப் பதிலாக ஓர் இளைஞரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு தளம் மட்டும் மெதுவாக இறக்கிப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் இடிக்கிறதோ, அங்கே இன்னும் ஏதோ எடுக்க வேண்டியிருக்கிறது.

அன்றே இரண்டு விஷயங்களை எழுதி ஒட்டுங்கள்: கடைசி ஆள் இறங்க எத்தனை நிமிடம் ஆனது, எங்கே தடுத்தது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் மேலிருந்து கீழே நடந்து பாருங்கள். முதலில் திரும்பி வருவது செருப்பு ஸ்டாண்ட்தான். கதவுக்கு உள்ளே வைக்க இடமில்லாத வீடு என்றால், சுவரில் மாட்டும் ஒல்லியான இரும்பு ஸ்டாண்ட் ஒன்றை வீட்டுக்குள் பொருத்த உதவுங்கள்.