கடைசிச் சுற்று வரை வந்தவருக்கு 'இல்லை' என்று எழுதும்போது

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். வரவேற்பு மேனேஜர் வேலைக்குக் கடைசியில் இரண்டு பேர், இருவருமே நன்றாகப் பேசினார்கள். ஒருவரை எடுத்தாயிற்று. தேவகோட்டையிலிருந்து இரண்டு முறை பஸ் ஏறி வந்துபோன மற்றவருக்கு மெயில் போட வேண்டும்.

அவசரத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. தேர்வானவர் போனில் "சரி, வர்றேன்" என்றதுமே மற்றவருக்கு மெயில் போய்விடும். நாலாம் நாள் தேர்வானவர் மதுரையில் கூடுதல் சம்பளம் என்று விலகினால், கைவிட்டவரையே திரும்பக் கூப்பிட வேண்டிவரும். எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு, அன்றைக்கே அனுப்புங்கள். அது தள்ளிப்போனால், "இன்னும் முடிவாகவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம்" என்று ஒரு வரி போதும். சும்மா இருந்தால், மெயிலுக்கு முன்னால் டீக்கடை வழியாகச் செய்தி அவருக்குப் போய்ச் சேரும். சின்ன ஊர்.

அதைவிடப் பெரிய தவறு, காரணம் சொல்லும் இடத்தில். "உங்களுக்கு அனுபவம் போதாது" என்று எழுதிவிட்டு அவரைவிடக் குறைந்த அனுபவம் உள்ளவரை எடுத்திருந்தால், அது அடுத்த வாரமே வெளுத்துவிடும். விளம்பரத்தில் இல்லாத தகுதியைக் காரணமாகக் காட்டினால், "முதலிலேயே சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டேனே" என்று அவர் நினைப்பது நியாயம்தான். முடிவைத் தீர்மானித்த ஒரே ஒரு காரணம், அதுவும் வேலையைப் பற்றியது, விளம்பரத்திலும் இருந்தது என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் காரணமே வேண்டாம். தேர்வானவரின் படிப்பு, முந்தைய வேலை எதையும் ஒப்பிட்டு எழுதாதீர்கள்.

பாராட்டும் அப்படித்தான். "உங்கள் திறமை எங்களைக் கவர்ந்தது" என்பது யாருக்கும் பொருந்தும் வரி. படித்ததுமே அச்சடித்த கடிதம் என்று தெரிந்துவிடும். நேர்காணலில் அவர் செய்த ஒன்றைக் குறிப்பிட்டால்தான் அது அவருக்கு எழுதியதாகும்:

"வணக்கம். வரவேற்பு மேனேஜர் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். விளம்பரத்தில் கேட்டிருந்த பிரெஞ்சு மொழிப் பழக்கமே முடிவைத் தீர்மானித்தது. அறை தயாராகாமல் காத்திருக்கும் விருந்தினரை முற்றத்தில் உட்காரவைத்து, ஆத்தங்குடி கல் பதிக்கும் விதத்தைச் சொல்லிப் பேச்சில் வைத்திருப்பேன் என்றீர்கள். அந்த யோசனை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இரண்டு முறை வந்து நேரம் கொடுத்ததற்கு நன்றி."

முடிவு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். பாராட்டை முன்னால் வைத்தால், வேலை கிடைத்துவிட்டது என்று பாதி மெயில் வரை நம்பிவிடுவார். "அடுத்த காலியிடத்துக்கு உங்களைக் கூப்பிடுவோம்" என்ற வரியும் இதில் இல்லை. கூப்பிடும் எண்ணம் நிஜமாக இருந்தால் எந்த வேலை, எந்த மாதம் என்று சேர்த்து எழுதுங்கள். வெறும் நம்பிக்கை வார்த்தையை நம்பி ஒருவர் வேறு வேலையைத் தள்ளிப்போடக்கூடும்.

"இன்னும் கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று அவர் பதில் எழுதினால், எழுதிய அதே காரணத்தோடு நில்லுங்கள். இரக்கப்பட்டுப் புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால், முதலில் சொன்னது பொய் என்றாகிவிடும்.