அறுபது படி, 693 படி: கோயில் சுற்றுலா விளம்பரத்தில் மறைந்துபோகும் கணக்கு

“அறுபடை வீடு தரிசனம். 3 பகல், 2 இரவு. ஏசி வேன், சைவ உணவு, அனைத்து வயதினரும் கலந்துகொள்ளலாம்.” நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் எழுதிய வாசகம் இது. இந்தச் சிறிய அறிவிப்பில் இரண்டு பொய்கள் இருந்தன. ஒன்றை அந்தப் பயணத்திலேயே தெரிந்துகொண்டேன். மற்றொன்றைப் புரிந்துகொள்ள இன்னும் சில பயணங்கள் ஆயின.

முதல் பொய்யைச் சுவாமிமலையில் கண்டேன். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால் அமைந்த அறுபது படிகள் அங்கே உண்டு. அறுபதுதானே என்று விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா பத்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். “தம்பி, படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தங்கையை அனுப்பியிருப்பேனே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்றும் மறக்கவில்லை. மற்றவர்கள் மேலே போய்த் திரும்பும்வரை நான் அவருடன் கீழேயே உட்கார்ந்திருந்தேன். பயண ஒருங்கிணைப்பாளர் கீழே உட்கார்ந்துவிட்டால் மேலே போன பதினேழு பேரை யார் பார்ப்பது என்ற கேள்வியும் அன்றுதான் எழுந்தது.

படிக்கணக்கை மட்டும் எழுதினால் போதும் என்று அதன்பிறகு நினைத்தேன். அதுவும் தவறு. திருத்தணியில் படிகள் 365. காகிதத்தில் பார்த்தால் சுவாமிமலையைப் போல ஆறு மடங்கு. ஆனால் திருத்தணி மலைமேல் வண்டி போகும் சாலை உண்டு. வேன் மேலே போய் நிற்கும், முட்டிவலிக்காரரும் தரிசனம் செய்துவிடலாம். சுவாமிமலையில் வேன் கோபுர வாசலோடு நின்றுவிடும். 365 படி எளிது, அறுபது படி கடினம் என்பது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து விளம்பரத்தைப் படிப்பவர் எண்ணை மட்டும்தான் பார்ப்பார். அவர் திருத்தணிக்குப் பயந்து பெயர் கொடுக்காமல் இருப்பார், அல்லது சுவாமிமலையைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு வந்து மாட்டிக்கொள்வார். எனவே படியை எழுதும் இடத்தில், ஏறாமல் போக வழி உண்டா என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். அடுத்த பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு எழுதுவதில் பயனில்லை.

பழனியில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. 693 படிகள், யானைப்பாதை, வின்ச், ரோப் கார் என்று நான்கு வழிகள். “ரோப் கார் மூலம் எளிதாகத் தரிசனம்” என்று எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் ரோப் கார் நம் கையில் இல்லை. பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். நடுப்பகலில் ஒரு மணி நேரம் ஓடாது. பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாளும், ஆண்டில் பல நாட்கள் தொடர்ந்தும் நிறுத்துவார்கள். அது ஓடாத நாளில் கூட்டம் முழுவதும் வின்ச் வரிசைக்கு வந்துவிடும். வரிசையில் நிற்பதும் உடல் உழைப்புதான். ஏறுவதற்குப் பத்து நிமிடம் தேவைப்படாத வின்ச்சுக்காக ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டி வந்தால், இடுப்புவலிக்காரருக்குப் படியே மேல் என்று தோன்றும். மேல் நிலையத்தில் இறங்கியதும் சந்நிதி வாசலில் நிற்பதும் இல்லை. அங்கிருந்து கொஞ்சம் நடையும் சில படிகளும் தரிசன வரிசையும் பாக்கி.

இன்னொன்று, மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் வெளி வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வேன் வெளியே நிற்கும். அங்கிருந்து வின்ச் நிலையம்வரை நடக்க வேண்டும், அல்லது தேவஸ்தானத்தின் பேட்டரி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். “கோயில் வாசலில் இறக்கிவிடப்படும்” என்று பழைய விளம்பரத்திலிருந்து நகலெடுத்து எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போன வருடம் சரியாக இருந்த வரி இந்த வருடம் பொய்யாகிவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு யாராவது ஒருவர் நேரில் போய் வர வேண்டும். நான் போகும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்வேன்: வண்டியிலிருந்து செருப்பு விடும் இடம்வரை எத்தனை நிமிட நடை, வெறுங்காலுடன் எவ்வளவு தூரம், உட்கார இடமில்லாமல் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. இவற்றில் இரண்டாவதை யாரும் எழுதுவதில்லை. சித்திரை வெயிலில் நண்பகலில் கருங்கல் தரையில் காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது ஏன் முக்கியம் என்று தெரியும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும்.

இனி இரண்டாவது பொய். “3 பகல், 2 இரவு” என்று எழுதியதில்தான் அது இருந்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் திருத்தணியில் ஏழு மணிக்குள் இருக்கலாம். தரிசனம், சிற்றுண்டி முடித்து ஒன்பதரைக்குப் புறப்பட்டால் சுவாமிமலைக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மதிய உணவோடு சேர்த்து எட்டு மணி நேரம். மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்து, தரிசனம் செய்து, கும்பகோணத்தில் தங்கல். முதல் நாள் சரி.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், பழனி 250 கிலோமீட்டர். பதினொன்றரைக்குப் போய்ச் சேரலாம். அதாவது வெயில் உச்சிக்கு வரும் நேரம், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ரோப் கார் இடைவேளை. நான்கு மணிக்குள் இறங்கி வந்தால், மதுரைக்கு 120 கிலோமீட்டர் போய், இரவு ஏழு மணி அளவில் திருப்பரங்குன்றம். இங்கே நேரம் ஓர் அரை மணி பிசகினாலும் அந்த நாள் முழுவதும் சரியும். “நடை சாத்துவதற்குள் ஓடுங்கள்” என்று சொல்ல நேரும், வயதானவர்களை ஓடச் சொல்வதற்குச் சமமான கொடுமை வேறு இல்லை. குடைவரைக் கோயில் என்பதால் மலை ஏற வேண்டாம் என்று பலரும் நினைப்பார்கள். மலை ஏற வேண்டாம்தான், ஆனால் கோயிலுக்குள்ளேயே மண்டபத்துக்கு மண்டபம் உயரம் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாம் நாள் காலை பழமுதிர்சோலை. அழகர்கோயிலிலிருந்து மலைமேல் வண்டி போகும். மாலையில் சீக்கிரம் நடை சாத்திவிடும் கோயில் என்பதால், இதைக் காலையில் வைப்பதுதான் முறை. நூபுர கங்கைக்கும் போக வேண்டும் என்று பாதிப் பேர் கேட்பார்கள், அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிறகு திருச்செந்தூர், 200 கிலோமீட்டர். மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்குப் போய்ச் சேரலாம். மற்ற பல கோயில்களைப் போல மதியம் நடை சாத்துவதில்லை என்பது இங்கே வசதி. தரிசனம் முடித்து நாலரைக்குக் கிளம்பினால், சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். வீடு சேர விடியற்காலை ஆகும்.

அப்படியானால் இரவு எத்தனை? மூன்று. மூன்றாவது இரவு வேன் இருக்கையில். எங்கள் விளம்பரத்தில் அந்த இரவுக்கு இடமே இல்லை, ஏனென்றால் அறை வாடகை இல்லாத இரவை நாங்கள் இரவாகக் கணக்கிடவில்லை. முதியவர்களைப் படிகளைவிட அதிகமாக வாட்டுவது இந்த இரவுதான் என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். கால் வீங்கி, செருப்பு ஏறாமல் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழிப்பறை தேவைப்படுபவர்கள், “தொந்தரவு கொடுக்கக்கூடாது” என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். கழிப்பறை நிறுத்தங்களின் இடைவெளியை நிகழ்ச்சி நிரலில் அச்சிடக் கூச்சப்படும் முதலாளிகள் உண்டு. முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான், அதுவும் பெண்கள் மெதுவான குரலில் கேட்பது.

வயது வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. “65 வயதுக்கு மேல் தவிர்க்கவும்” என்று எழுதுவதும் “அனைத்து வயதினரும்” என்று எழுதுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள். எண்பது வயதில் பழனிப் படியேறும் கிராமத்துப் பெரியவர்களும் உண்டு, நாற்பத்தைந்தில் மூச்சு வாங்கும் அலுவலகத்துக்காரர்களும் உண்டு. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனையாக எழுதிவிடுவது நல்லது. ஒரு மாடிக்குச் சுமார் இருபது படி என்று வைத்துக்கொண்டால், சுவாமிமலை மூன்று மாடி. “கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்க முடிபவர்கள்” என்றால் படிப்பவருக்குத் தன் அம்மாவின் முகம் நினைவுக்கு வரும். குழந்தைகளுக்கும் இப்படித்தான். “குழந்தைகள் இலவசம்” என்பது கட்டணத்தைப் பற்றிய தகவல், ஏற்றதா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. மூன்று வயதுக் குழந்தை நடக்கும், ஆனால் தரிசன வரிசையில் நிற்காது. தூக்கிக்கொண்டு நிற்க ஒருவர் வேண்டும்.

தைப்பூசம், பங்குனி உத்திரம், கந்த சஷ்டி நாட்களுக்கும் இதே நிரலைப் போடுவது தனி மோசடி. அந்த நாட்களில் மேலே சொன்ன மணிக்கணக்கு எதுவும் நிற்காது. நாங்கள் அந்த வாரங்களில் ஆறு கோயில் சுற்றை விற்பதையே நிறுத்திவிட்டோம்.

இப்போது எங்கள் அறிவிப்பில் சுவாமிமலைக்கும் பழனிக்கும் உள்ள வரிகள் இவை:

“சுவாமிமலை: அறுபது படி, சுமார் மூன்று மாடி உயரம். வேன் மேலே போகாது. ஏற இயலாதவர்கள் கீழே உட்காரலாம், எங்கள் ஆள் ஒருவர் உடன் இருப்பார். பழனி: வேன் கிரிவீதிக்கு வெளியே நிற்கும். வின்ச் அல்லது ரோப் காருக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும், ரோப் கார் அன்று ஓடும் என்று உறுதி தர இயலாது. இரண்டும் கிடைக்காவிட்டால் 693 படி. மேலே வெறுங்காலுடன் நடையும் சில படிகளும் உண்டு. நண்பகல் வெயிலில் தரிசனம். மூன்றாம் இரவு முழுவதும் வேனில் பயணம், படுக்க வசதி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவோம்.”

இதை முதலில் அச்சுக்குக் கொடுத்தபோது, இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று முதலாளி கேட்டார். ஆட்கள் குறைந்தது உண்மை. சேரலாமா என்று போன் செய்து கேட்டவர்களில் சிலர் தங்கள் தாயாருக்கு மட்டும் நான்கு நாள் நிரல் கிடைக்குமா என்றார்கள். திருச்செந்தூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை கிளம்பும் நிரல் அப்படித்தான் வந்தது. விலை கூடுதல். சுவாமிமலையில் கீழே உட்கார்ந்த அந்த அம்மாவின் தங்கைதான் அதில் முதலில் பெயர் கொடுத்தவர்.