BETWEEN-இல் சத்தமில்லாமல் விடுபடும் கடைசி நாள்

மார்ச் மாத ஆர்டர்களை எண்ண வேண்டும் என்றால், கைப்பழக்கத்தில் பலரும் எழுதுவது இதுதான்:

```sql
SELECT count(*) FROM orders
WHERE created_at BETWEEN '2025-03-01' AND '2025-03-31';
```

படிக்கும்போது "மார்ச் 1 முதல் 31 வரை" என்றுதான் தோன்றும். `created_at` வெறும் தேதியாக இருந்தால் இது சரியும்கூட. ஆனால் அதில் நேரமும் சேர்ந்திருந்தால், 31ஆம் தேதி வந்த ஆர்டர்களில் ஏறக்குறைய எதுவுமே கணக்கில் வராது. எரர் வராது, எச்சரிக்கையும் வராது. ஒரு எண் வரும். அது கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

BETWEEN இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். அதில் தவறில்லை. சிக்கல் வலது முனை எது என்பதில். டைம்ஸ்டாம்போடு ஒப்பிட வேண்டும் என்பதால் டேட்டாபேஸ் `'2025-03-31'` என்பதையும் டைம்ஸ்டாம்ப் ஆக்குகிறது. நேரம் எதுவும் சொல்லாததால் அது `2025-03-31 00:00:00` ஆகிவிடுகிறது, அதாவது 31ஆம் தேதி தொடங்கும் அந்த நொடி. அதற்குப் பிறகு வரும் முழு நாளும் வரம்புக்கு வெளியே நிற்கிறது.

ஆறே பதிவுகளை வைத்துப் பார்க்கலாம்:

```
1  2025-03-01 00:00:00
2  2025-03-15 14:20:10
3  2025-03-31 00:00:00
4  2025-03-31 09:12:45
5  2025-03-31 23:59:59.48
6  2025-04-01 00:00:00
```

மார்ச் மாதத்துக்கு உரியவை முதல் ஐந்து. மேலே உள்ள குவெரி தருவதோ 1, 2, 3 மட்டும். மூன்றாவது பதிவைக் கவனியுங்கள்: 31ஆம் தேதிதான், ஆனால் சரியாக நள்ளிரவு, அதனால் தப்பித்துவிட்டது. இந்தப் பிழை பல காலம் கண்ணில் படாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட பதிவுகள்தான் காரணம். டெஸ்ட் டேட்டாவை நேரம் இல்லாமல் வெறும் தேதியாக எழுதியிருந்தால் எல்லாமே 00:00:00 ஆகப் பதிவாகும். டெஸ்டும் பாஸ் ஆகும். இன்னொரு வழியிலும் இது உள்ளே வரும். ஆரம்பத்தில் நெடுவரிசை `DATE` வகையாக இருந்திருக்கும், குவெரியும் சரியாக ஓடியிருக்கும். பிறகு யாரோ நேரமும் தேவை என்று அதை டைம்ஸ்டாம்பாக மாற்றியிருப்பார்கள். குவெரியை யாரும் தொடவில்லை, ஆனால் அன்றிலிருந்து கடைசி நாள் விடுபடத் தொடங்கிவிடும். ஆரக்கிளில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே `DATE` என்ற வகைக்குள்ளேயே நேரமும் இருக்கிறது.

மாத அறிக்கையில் ஒரு நாள் குறைந்தால் 31இல் 1 பங்கு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வார அறிக்கையில் 7இல் 1 பங்கு. தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் ஒன்றாகக் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்: அந்த நாள் முழுக்க ஆர்டர் வந்திருந்தும் திரை காலியாக இருக்கும். "இன்றைக்கு மட்டும் எடுத்தால் ஒன்றுமே வரவில்லை" என்று பயனர் சொன்னால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சரி, இதைக் கண்டுபிடித்தவர்கள் செய்யும் முதல் திருத்தம் `'2025-03-31 23:59:59'` என்று எழுதுவது. இப்போது நான்காவது பதிவு வந்துவிடும், ஐந்தாவது வராது. 23:59:59-க்கும் நள்ளிரவுக்கும் நடுவே இன்னும் ஒரு நொடி இருக்கிறது; போஸ்ட்கிரெஸ் மைக்ரோசெகண்டு வரை சேமிக்கிறது. அப்படியானால் `.999` சேர்த்துவிடலாமே என்று தோன்றும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய `datetime` வகை ஒரு நொடியை 300ஆகப் பிரித்தே வைத்துக்கொள்கிறது. அதனால் `23:59:59.999` அதற்குள் பொருந்தாமல், மேல்நோக்கி முழுமையாகி அடுத்த நாள் 00:00:00 ஆகிவிடும். ஏப்ரல் 1 நள்ளிரவுப் பதிவு மார்ச்சுக்குள் வந்து உட்காரும். ஒரு நாளின் கடைசிக் கணம் எது என்பது அந்த நெடுவரிசை எவ்வளவு நுணுக்கமாக நேரத்தைச் சேமிக்கிறது என்பதைப் பொறுத்தது. குவெரி எழுதுபவர் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய நிலையே வரக் கூடாது என்பது என் கருத்து.

`BETWEEN '2025-03-01' AND '2025-04-01'` என்று மாற்றுவதும் தீர்வாகாது. ஆறாவது பதிவு மார்ச்சிலும் வரும், ஏப்ரலிலும் வரும். விடுபடுவதற்குப் பதில் இரட்டிப்பு.

இத்தனைக்கும் சரியான வழி எளிதானது. வலது முனையைச் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும்:

```sql
WHERE created_at >= '2025-03-01'
  AND created_at <  '2025-04-01'
```

இதைத்தான் பாதி திறந்த வரம்பு என்கிறோம்: இடது முனை உள்ளே, வலது முனை வெளியே. முதல் ஐந்து பதிவுகளும் வரும், ஆறாவது வராது. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, பிப்ரவரி 28ஆ 29ஆ என்ற கேள்வியே எழாது. அடுத்த மாதத்தின் 1ஆம் தேதி தெரிந்தால் போதும். ஒரு மாதத்தின் வலது முனையே அடுத்த மாதத்தின் இடது முனை என்பதால், நடுவில் இடைவெளியும் இல்லை, மேற்படிதலும் இல்லை.

திரையில் பயனர் "31 வரை" என்று தேர்ந்தெடுக்கும்போது அவர் மனதில் இருப்பது 31 முழுவதும். அதை மாற்றச் சொல்லத் தேவையில்லை; குவெரிக்குப் போகும் இடத்தில் ஒரு நாள் கூட்டினால் போதும். போஸ்ட்கிரெஸில் இப்படி:

```sql
AND created_at < CAST(:to_date AS date) + 1
```

மைஎஸ்க்யூஎல்லில் `+ INTERVAL 1 DAY`, எஸ்க்யூஎல் சர்வரில் `DATEADD(day, 1, @to_date)`. கூட்டுவது ஒரே இடத்தில் நடக்க வேண்டும். திரைப்பக்கம் ஒருமுறை, சர்வர் பக்கம் இன்னொருமுறை என்று கூட்டிவிட்டால் ஒரு நாள் கூடுதலாக வரும். அதே போல் 24 மணி நேரம் கூட்டாமல் ஒரு நாள் கூட்டுங்கள்; கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாள் 23 மணி நேரமாகவும் இன்னொரு நாள் 25 மணி நேரமாகவும் இருக்கும். நேரத்தை யூடிசியில் சேமித்திருந்தால், நள்ளிரவு என்பது எந்த நேர மண்டலத்தின் நள்ளிரவு என்பதையும் முடிவு செய்துவிட்டுத்தான் இரு முனைகளையும் கணக்கிட வேண்டும்.

சிலர் `DATE(created_at) BETWEEN ...` என்று எழுதுவார்கள். விடை சரிதான். ஆனால் நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டதால், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் `created_at` மீதுள்ள சாதாரண இன்டெக்ஸ் இந்த வரம்பைத் தேட உதவாது. சின்ன டேபிளில் வித்தியாசம் தெரியாது, பெரிய டேபிளில் நன்றாகவே தெரியும்.

பழைய கோடில் இது இருக்கிறதா என்று பார்க்க, `BETWEEN`, `23:59:59`, `.999` மூன்றையும் தேடிப் பாருங்கள். அப்புறம், 12 மாத அறிக்கைகளைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டி, அதே குவெரியில் வருடம் முழுவதற்கும் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மாதக் கணக்கில் 12 நாள்கள் விடுபடும், வருடக் கணக்கில் டிசம்பர் 31 மட்டும் விடுபடும். ஆக இரண்டும் ஒத்துப்போகாது. திருத்திய பிறகு பழைய மாதங்களின் எண்கள் கொஞ்சம் உயரும் என்பதால், அந்த அறிக்கைகளை நம்பிக் கணக்கு முடித்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றுங்கள்.